மதில்மேல் வந்த கடுவனும் வீட்டுக்குள் மூண்ட சண்டையும்

பூனை வளர்க்கும் வீடுகளிலிருந்து கால்நடை மருத்துவர்களிடம் அடிக்கடி வந்து சேரும் கதை ஒன்று உண்டு. ஆளுக்கு ஆள் விவரம் கொஞ்சம் மாறுமே தவிர கதை ஏறக்குறைய ஒன்றுதான். அதை ஒரே வீட்டில் நடந்ததாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை வீடு. கருப்பனுக்கு ஐந்து வயது, மீனாவுக்கு நான்கு. இரண்டுக்கும் குடும்பக்கட்டுப்பாடு ஆகிவிட்டது. மீனா குட்டியாக வந்த நாளிலிருந்து இரண்டும் ஒரே நாற்காலியில் சுருண்டு தூங்கியவை. ஒன்றின் காதை மற்றொன்று நக்கிவிடும். ஒரு மாலை விளக்கு வைக்கும் நேரம். கருப்பன் ஹால் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான். வால் நுனி மட்டும் துடிக்கிறது. அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல். சமையலறையிலிருந்து வந்த மீனா வழக்கம்போல அவன் பக்கம் தாவி ஏறுகிறாள். அடுத்த கணம் கருப்பன் திரும்பி அவள் மேல் பாய்கிறான். அலறல், உருண்டு புரளல், தரையெங்கும் உதிர்ந்த மயிர், மீனா பயத்தில் பெய்த மூத்திரம். எல்லாம் இருபது நொடிதான். பூஜையறையில் இருந்த வீட்டம்மா ஓடி வருவதற்குள் மீனா பீரோவுக்கு அடியில் போய்விட்டாள்.

மறுநாள் அவள் மெல்ல வெளியே தலை நீட்டியதும் கருப்பன் உறுமுகிறான். அதற்கு அடுத்த நாள் துரத்துகிறான். ஒரு வாரம் கழித்து வீட்டம்மா மருத்துவரிடம் போகிறார்.

“அண்ணன் தங்கச்சி மாதிரி இருந்துச்சுங்க டாக்டர். திடீர்னு அதுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு.”

“அன்னிக்கு ஜன்னலுக்கு வெளியே என்னம்மா இருந்துச்சு?”

வெளியே, மதில்மேல், தெருவில் திரியும் ஒரு கடுவன் பூனை இருந்தது. அதை வீட்டில் யாரும் பார்க்கவில்லை. கருப்பன் மட்டும் பார்த்தான். தன் எல்லைக்குள் அன்னியன் ஒருவன் நிற்கிறான். விரட்டப் பாய முடியாமல் நடுவில் கம்பியும் கொசுவலையும். உடம்பு சண்டைக்கு முழுக்கத் தயாராகி நின்ற அந்த வேளையில் கைக்கு எட்டியவள் மீனா. எட்டாத எதிரிக்காக மூண்ட ஆத்திரம் எட்டியவர் மேல் இறங்குவதைத்தான் விலங்கு நடத்தையியலார் திசைதிரும்பிய ஆத்திரம் என்கிறார்கள். அந்த இடத்தில் மீனாவுக்குப் பதில் வீட்டம்மாவின் கை இருந்திருந்தால் கடி அதற்குத்தான் விழுந்திருக்கும்.

பார்சிலோனா ஆய்வாளர்கள் இத்தகைய பூனைகளின் வழக்குகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இரண்டே காரணங்கள்தான் தென்பட்டன: ஒன்று பெருஞ்சத்தம், மற்றொன்று வேறொரு பூனையோடு ஏற்பட்ட மோதல் அல்லது சந்திப்பு. பாத்திர அலமாரி சரிந்து விழுவதும் தீபாவளிச் சரவெடியும் மதில்மேல் கடுவனும் பூனையின் கணக்கில் ஒன்றுதான். தூண்டுதல் கண நேரத்தில் மறைந்துவிடுவதால் காரணமே இல்லாமல் சண்டை வந்ததாக மனிதர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆபீஸில் வாங்கிய திட்டை வீட்டில் வந்து கொட்டுவது போல என்று இதைச் சொல்வதுண்டு. அது அரைகுறையாகத்தான் பொருந்தும். வீட்டில் கத்துகிறவருக்குத் தன் கோபம் மேலதிகாரி மேல் என்பது உள்ளுக்குள் தெரியும். சாப்பிட்டு முடித்ததும் சமாதானம் பேச வருவார். கருப்பனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அவன் நினைவில் பதிந்தது இவ்வளவுதான்: பெரிய ஆபத்து வந்தது, அப்போது மீனா எதிரே இருந்தாள், அவள் அலறினாள், அவளிடமிருந்து பயத்தின் நாற்றம் வந்தது. அதன்பின் மீனாவே அபாய மணியாகிவிடுகிறாள். மீனாவின் பக்கமும் இதே நிலைதான். அவனைக் கண்டதும் காதை மடக்கி, உடம்பைக் குறுக்கி, சீறுகிறாள். அவள் பயம் அவனை மேலும் முறுக்கேற்றுகிறது.

பூனைக்குச் சமாதானம் பேசத் தெரியாது என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுப்பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடித் தனித்து வாழ்வது. நாயும் குரங்கும் கூட்டமாக வாழ்ந்து வந்தவை. சண்டைக்குப் பின் ஒட்டிக்கொள்ள அவற்றிடம் பல சைகைகள் உண்டு. பூனை கற்றுக்கொண்ட ஒரே வழி விலகிப் போவது. பரந்த வெளியில் அது போதும். கதவு சாத்திய அடுக்குமாடி வீட்டில் விலகிப் போக இடம் எங்கே?

ஆகவே அன்று இரவு வீட்டுக்காரர் செய்வதைப் பொறுத்துத்தான் இது ஒரு நாள் விபத்தா, பல மாதப் பகையா என்பது பெரும்பாலும் முடிவாகிறது. வழக்கமாக நடக்கும் தவறு நல்லெண்ணத்தில்தான் நடக்கிறது. “ரெண்டும் ராசியாயிடும்” என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மற்றொன்றின் முன் விடுவார்கள். இரண்டாவது சண்டை முதலாவதைவிட மோசமாக இருக்கும். பகை அங்கேதான் வேர்விடுகிறது.

சண்டை நடக்கும்போது கையை நடுவில் விடக் கூடாது. பெரிய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம், சோபா மெத்தை, கனத்த போர்வை என எது கிடைக்கிறதோ அதை இரண்டுக்கும் நடுவே செருக வேண்டும். ஒன்றின் பார்வையிலிருந்து மற்றொன்று மறைந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு எந்தப் பூனையையும் தூக்காமல், தாக்கிய பூனை இருக்கும் அறைக் கதவைச் சாத்திவிடலாம். அது திறந்த ஹாலில் நின்றால், மற்றது ஒளிந்த அறையைச் சாத்தலாம். விளக்கை அணைத்து, தண்ணீர், சாப்பாடு, மண் நிரப்பிய ஒரு தட்டு வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். திட்டுவதும் தண்ணீர் தெளிப்பதும் அடிப்பதும் ஆத்திரத்தைக் கூட்டவே செய்யும். தடவிக் கொடுத்து ஆறுதல் சொல்லப் போனாலும் கடிதான் மிச்சம்.

கொதிப்பு அடங்கச் சில மணி நேரம் ஆகும். சில பூனைகளுக்கு ஓரிரு நாள்கூட ஆகும். அடங்கிவிட்டதா என்பதைக் கண்ணைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். அறை வெளிச்சமாக இருந்தும் கருமணி முழுசாக விரிந்து கிடந்தால், முதுகுத்தோல் அலையலையாகச் சிலிர்த்தால், சின்னச் சத்தத்துக்கும் தலை வெடுக்கென்று திரும்பினால் இன்னும் நேரம் வரவில்லை. நிதானமாகச் சாப்பிட்டு, உட்கார்ந்து தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு, கயிறு ஆட்டினால் விளையாட வருகிறது என்றால் அடங்கிவிட்டது. கைகலப்பு லேசானதாக இருந்து, இரண்டுமே இப்படித் தெளிந்துவிட்டால், அடுத்த நாள் இருவருக்கும் பிடித்த சாப்பாட்டை ஹாலின் எதிரெதிர் மூலைகளில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து பார்க்கலாம். பல வீடுகளில் கதை அதோடு முடிந்துவிடும்.

அதற்குள் இன்னொரு வேலை இருக்கிறது. அடிபட்ட பூனையின் உடம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும்; மேலே ஒரு புள்ளி மட்டும்தான் தெரியும், அதுவும் மயிருக்குள் மறைந்துவிடும். இரண்டு மூன்று நாளில் வாலடியிலோ கன்னத்திலோ சூடான வீக்கம் வந்து, சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் உள்ளே சீழ் கட்டுகிறது என்று பொருள். மனிதருக்குக் கடியோ கீறலோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். “வீட்டுப் பூனைதானே” என்று வெறிநோய்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

நம் கதையில் வீட்டம்மா ஒரு வாரம் கழித்துத்தான் மருத்துவரிடம் போனார். அதற்குள் சத்தம் போட்ட சண்டை நின்று, சத்தமில்லாத சண்டை தொடங்கியிருந்தது. மண் தட்டு இருப்பது பின்கட்டுக் குளியலறையில். அங்கே போகும் குறுகிய நடையின் நடுவில் கருப்பன் படுத்திருப்பான். பார்க்கிறவருக்கு வெயிலுக்காகப் படுத்திருப்பதாகத்தான் தோன்றும். மீனா அறை வாசல்வரை வருவாள். அவன் எழுந்திருக்கக்கூட மாட்டான். தலையைத் தூக்கிக் கண் கொட்டாமல் பார்ப்பான். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு, சுவரோரம் ஒடுங்கி, வந்த வழியே போய்விடுவாள். சாயங்காலம் படுக்கையறைக் கால்மிதியில் மூத்திர நாற்றம். திட்டு விழுந்தது மீனாவுக்கு.

ஒரே வீட்டில் பூனைகளுக்குள் நடக்கும் அடாவடியில் பெரும்பகுதி இப்படித்தான் ஓசையில்லாமல் நடக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் உள்ள 2,492 வீடுகளிடம் கேட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்விலும், பூசலின் அடையாளங்களில் அதிகம் காணப்பட்டது முறைத்துப் பார்ப்பதுதான். சாப்பாட்டுத் தட்டருகே மற்றது வந்ததும் இது விலகிப்போவது, ஒன்று அறைக்குள் நுழைந்தால் மற்றது வெளியேறுவது, அலமாரி உச்சியை விட்டு இறங்காமலேயே நாள் கழிப்பது, இரவில் எல்லோரும் தூங்கியபின் மட்டும் சாப்பிடுவது எல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்தவை. மூத்திரத்தை அடக்கி அடக்கி, அந்தப் பதற்றத்திலேயே சிறுநீர்ப்பை வீங்கிப் போகும் பூனைகளும் உண்டு. ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அது உயிர் போகும் அவசரம்.

விளையாட்டா சண்டையா என்ற குழப்பமும் இங்கே வரும். ஸ்லோவாக்கிய ஆய்வாளர்கள் பூனைகளின் காணொளிகளை நொடி நொடியாக அலசி 2023இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவும். கட்டிப் புரள்வது பெரும்பாலும் விளையாட்டோடு சேர்ந்தே காணப்பட்டது. குரல் எழுப்புவதும் துரத்துவதும் பகையோடு. இரண்டுக்கும் நடுவில், விளையாட்டாகத் தொடங்கி ஒரு பக்கம் கசந்துபோவதும் உண்டு. வீட்டில் பார்க்க எளிய அடையாளம், முறை மாறுகிறதா என்பது. ஒருமுறை இது துரத்த, அடுத்து அது துரத்தினால் விளையாட்டு. எப்போதும் ஒன்றே ஓடினால், நிறுத்தியபின் ஓடியது திரும்பி வராவிட்டால், விளையாட்டு இல்லை.

மருத்துவர் முதலில் கருப்பனின் பல்லையும் மூட்டுகளையும் பார்த்தார். வலியோடு இருக்கும் பூனைக்குப் பொறுமை குறையும். வயதான பூனையாக இருந்தால் தைராய்டு மிகுதலும் காரணமாகலாம். கருப்பனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பிறகு அவர் பேசியது ஜன்னலைப் பற்றி. தூண்டுதல் தினமும் மாலையில் மதில்மேல் வந்து உட்காரும் வரையில் உள்ளே எத்தனை பயிற்சி செய்தாலும் பயன் இல்லை. ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் மட்டும் வரும்படியான ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஜன்னலடியில் மீன் கழிவு போடுவதை நிறுத்தினார்கள். கடுவன் மூத்திரம் தெளித்த வெளிச்சுவரைக் கழுவினார்கள். அந்தக் கடுவனையே பிடித்துக் குடும்பக்கட்டுப்பாடு செய்து விட்டால் அதன் அலைச்சலும் தெளிப்பும் பெருமளவு குறையும். அதற்கு ஏரியாவில் விலங்கு ஆர்வலர்கள் யாராவது உதவினால் நல்லது.

அடுத்தது மீனாவையும் கருப்பனையும் முழுவதுமாகப் பிரிப்பது. மீனாவுக்குப் படுக்கையறை, அவளுக்கென்று மண் தட்டு, தண்ணீர், ஏறி உட்கார ஓர் அலமாரி. கருப்பனுக்கு மற்ற இடம். வீட்டம்மாவுக்கு இது மனசு வரவில்லை. “பாவம், அடைச்சு வைக்கணுமா?” என்றார். அடைத்து வைத்த முதல் இரண்டு நாளிலேயே மீனா வயிறார சாப்பிட்டுக் கட்டிலில் நீட்டிப் படுத்ததைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

பார்வைக்கு முன்னால் மணம். பூனைகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதில் மூக்குக்குப் பெரிய பங்கு. சேர்ந்து வாழும் பூனைகள் கன்னத்தையும் விலாவையும் உரசி உரசி வீட்டுக்கென்று ஒரு பொது மணத்தை உண்டாக்கி வைத்திருக்கும். மருத்துவமனை போய்வந்த பூனையை வீட்டில் இருந்தது சீறி விரட்டுவதும் அந்த மணம் மாறிப்போவதால்தான். அதற்கும் இதே மருந்துதான். ஒரு பழைய பருத்தித் துணியால் கருப்பனின் கன்னத்தைத் தடவி மீனா அறையில் வைத்தார்கள், மீனாவின் துணியைக் கருப்பன் படுக்கும் இடத்தருகே. முதல் நாள் மீனா துணியை முகர்ந்து சீறிவிட்டு விலகினாள். நான்காம் நாள் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனாள். அந்த அலட்சியம்தான் எதிர்பார்த்தது. இடையிடையே இருவரின் இடத்தையும் அரை மணி நேரம் மாற்றிவிட்டார்கள், நேருக்கு நேர் பார்க்காமல்.

பிறகு சாத்திய கதவின் இரு பக்கமும் சாப்பாடு. வேகவைத்த கோழி மாதிரி மிகப் பிடித்ததாக, அந்த நேரத்தில் மட்டும் கிடைப்பதாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் தட்டுகள் கதவிலிருந்து ஆறேழு அடி தள்ளி இருந்தன. இரண்டும் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தால் மட்டும் அடுத்த வேளை அரை அடி நெருக்கம். பாதியில் நிறுத்திக் கதவையே உற்றுப் பார்த்தால் ஒரு படி பின்னால். காலக்கெடுவை நாள்காட்டி தீர்மானிப்பதில்லை. அந்தத் தட்டுதான் தீர்மானிக்கிறது.

கதவடியில் தட்டுகள் ஒட்டி நிற்க இரண்டு வாரம் ஆயிற்று. அடுத்து கொசுவலைக் கதவு. அதன் மேல் போர்வையைத் தொங்கவிட்டு, தட்டுகளை மறுபடி தள்ளி வைத்து, ஒவ்வொரு வேளையும் போர்வையை நாலு விரல்கடை உயர்த்தினார்கள். முதலில் கால்கள் மட்டும் தெரியும், பிறகு உடம்பு, கடைசியில் முகம். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெருவில் கல்யாண ஊர்வலம், வெடி. கருப்பன் மீசை விறைக்க வலைக் கதவை நோக்கித் திரும்பினான். நல்லவேளை, கதவு இருந்தது. போர்வையை முழுக்க இறக்கிவிட்டு நான்கு நாள் பழைய கட்டத்திலேயே இருந்தார்கள். இத்தகைய சறுக்கல் எல்லா வீட்டிலும் வரும். அதைத் தோல்வியாக எண்ணி எல்லாவற்றையும் விட்டுவிடுபவர்கள்தான் தோற்கிறார்கள்.

கதவு திறந்த சந்திப்பு ஐந்து நிமிடத்தில் தொடங்கியது. வீட்டில் இருவர், ஆளுக்கு ஒரு பூனை, ஆளுக்கு ஒரு கயிறு பொம்மை. கருப்பன் உற்றுப் பார்க்கத் தொடங்கினால் பொம்மை அவன் பார்வையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுவது முக்கியம். பொம்மைக்கு மசியாமல் உடம்பைத் தாழ்த்திப் பதுங்கினால் அட்டை நடுவில் வரும், கதவு சாத்தப்படும். ஆறாவது வாரத்தில் பகல் முழுக்கக் கதவு திறந்திருந்தது. ஆளில்லாத நேரத்தில் மட்டும் பிரித்தே வைத்தார்கள்.

இதற்கிடையே வீட்டின் அமைப்பையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. எத்தனை பூனையோ அதைவிட ஒரு மண் தட்டு அதிகம் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. ஆனால் மூன்று தட்டையும் ஒரே குளியலறையில் வரிசையாக வைத்தால் வாசலில் படுத்திருக்கும் பூனைக்கு அது ஒரே தட்டுதான். மறிக்க ஒரு வழி போதும். ஒன்று பால்கனியில், ஒன்று படுக்கையறையில், ஒன்று பின்கட்டில் என்று பிரித்ததும் நடையில் படுப்பதால் கருப்பனுக்குக் கிடைத்த ஆதாயம் போய்விட்டது. சாப்பாட்டையும் தண்ணீரையும் அப்படியே, ஒன்றின் பார்வை மற்றொன்றின் மேல் விழாதபடி பிரித்தார்கள். சுவரில் இரண்டு பலகை அடித்ததில் மீனா தரையைத் தொடாமலே ஹாலைக் கடக்க முடிந்தது. சின்ன வீட்டில் இந்த உயரம் கூடுதல் அறைக்குச் சமம்.

இவ்வளவு செய்தும் சீறல் அடங்காத வீடுகளில் மருந்து உதவும். பயத்தைத் தணிக்கும் கபாபென்டின், வாரக்கணக்கில் கொடுத்தால்தான் வேலை செய்யும் ஃபுளூவாக்ஸ்டின் ஆகியவை மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பவை. சில சமயம் தாக்குகிற பூனைக்கு, சில சமயம் பயந்த பூனைக்கு, சில சமயம் இரண்டுக்கும். அளவைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அரை மாத்திரைகூட உயிரைக் குடிக்கலாம். தாய்ப்பூனையின் மணத்தை ஒத்த வாசனையைப் பரப்பும் பிளக் கருவிகளால் சில வீடுகளில் பூசல் குறைந்ததாகச் சொல்கிறார்கள். பயிற்சியோடு சேர்ந்தால் துணையாகலாம், தனியாக அதை நம்பிச் செலவு செய்வது வீண்.

சேராத ஜோடிகளும் இருக்கவே செய்கின்றன. மாதக்கணக்கில் முயன்றும் காயம்படும் சண்டை தொடர்ந்தால், வீட்டை இரண்டாகப் பிரித்து நிரந்தரமாக முறைவைத்து விடுவதும், ஒரு பூனைக்கு வேறு பூனை இல்லாத வீடு தேடித் தருவதும் மருத்துவர்களே ஒப்புக்கொள்ளும் வழிகள். அந்த இடத்தில் சிலருக்கு வேறொரு யோசனை தோன்றும்: துரத்தப்படும் பூனைக்குத் துணையாக ஒரு குட்டி வாங்கிவிடலாம் என்று. குட்டி வந்தால் மண் தட்டு முதல் ஜன்னல் திண்டு வரை எல்லாவற்றையும் மூன்றாகப் பங்கிட வேண்டும், துரத்துகிற பூனைக்கு எல்லைக்குள் இன்னோர் அன்னியன், பயந்த பூனைக்கு ஒளியும் இடத்திலும் போட்டி. இரண்டின் பூசல் தீரும்வரை மூன்றாவதைக் கொண்டுவர வேண்டாம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.